ரிப்பீட் போட்டால் பொட்டாசியம் சரியாகாது

லேப் டெக்னீஷியன் நேர்காணலில் நான் எப்போதும் ஒரு ரிசல்ட்டைக் காட்டுவேன். பொட்டாசியம் 9.2, கால்சியம் 4.1. நோயாளியோ கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். என்ன செய்வீர்கள்?

"ரிப்பீட் போடுவேன் மேடம்."

மறுபடியும் 9.1 வந்தால்?

"ரெண்டு தடவையும் ஒண்ணா வந்திருக்கே, ரிப்போர்ட் கொடுத்துடலாம்."

இந்த வாரமும் இதே பதில்தான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதே டியூபைத் திரும்ப ஓட்டினால் மெஷின் நிலையாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். டியூபுக்குள் இருப்பதே கெட்டுப்போயிருந்தால், பத்து முறை ஓட்டினாலும் அதே தப்புதான் பத்து முறை வரும். கன்ட்ரோல் சரியாக இருந்தாலும் இதே கதைதான்.

சிலர் ஹீமோலைசிஸ் என்பார்கள். அப்படியானால் சீரம் சிவந்திருக்கும். கால்சியம் இப்படிச் சரியாது. இங்கே சீரம் தெளிவாக இருக்கிறது, பொட்டாசியம் எகிறியிருக்கிறது, கால்சியம் விழுந்திருக்கிறது. சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதாமல், யாரோ ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ. அது பொட்டாசியத்தைக் கூட்டும், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அல்கலைன் பாஸ்பட்டேஸையும் பாருங்கள், அதுவும் இறங்கியிருக்கும்.

இந்த ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினால், சரியாக இருந்த பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். ஆகவே டியூப் விட்டு டியூப் ஊற்றவே கூடாது. எடுக்கும்போதே சிவப்பு முதலில், ஊதா பிறகு. பெயரை நோயாளி வாயாலேயே சொல்லச் சொல்லி, அவர் எதிரிலேயே லேபிள் ஒட்டுங்கள்.

சுத்தம் பற்றிக் கேட்டால் "எப்பவும் கிளவுஸ் போட்டிருப்பேன்" என்கிறார்கள். அதே கிளவுஸோடு அடுத்த நோயாளியையும் கீபோர்டையும் செல்போனையும் தொட்டால் போட்டு என்ன பயன்? ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றுங்கள், கழற்றியதும் கை கழுவுங்கள். ஊசிக்கு மூடி போடாமல் நேராக ஷார்ப்ஸ் டப்பாவில் போடுங்கள்.

கடைசிக் கேள்வி: ஊற்றியது நீங்கள்தான், ரிப்போர்ட்டும் வார்டுக்குப் போய்விட்டது. இப்போது?

"நான் தப்பே பண்ணமாட்டேன் மேடம்" என்பவரை நான் எடுப்பதில்லை. சத்தமில்லாமல் கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றிவிடுவேன் என்பவரையும்தான். டாக்டர் பழைய எண்ணைப் பார்த்து மருந்து எழுதியிருப்பாரே! முதலில் வார்டுக்குப் போன் செய்யுங்கள். "இந்தப் பொட்டாசியத்தை வைத்து எதுவும் கொடுக்காதீர்கள், சாம்பிள் கலந்துவிட்டது" என்று சொல்லுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று எழுதிவையுங்கள். புது சாம்பிள் எடுத்து, திருத்திய ரிப்போர்ட் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள், பழையதை அழிக்காதீர்கள். பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவேட்டிலும் ஏற்றுங்கள். திட்டு விழுமே என்று பயந்து அந்தப் போனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், தம்பி தங்கைகளே. இன்சுலின் ஏறுவதற்குள் அது வார்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.