ஒரே டிராக்கில் பதிவு செய்துவிட்டு எடிட்டரைத் தேடாதீர்கள்

நான்கு பேர் இணையவழியில் பேசிய ஒன்றரை மணி நேரக் கலந்துரையாடல், எடிட் செய்ய என்னிடம் ஒரே வீடியோ ஃபைலாக வந்தது. "ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறார், அதை மட்டும் எடுத்துவிட்டு சாப்டர் போட்டுக் கொடுங்கள்" என்றார்கள். இந்த வேலை இப்படியே திரும்பத் திரும்ப வருவதால் எழுதுகிறேன்.

திரையில் நான்கு பெட்டி தெரிவதால் குரலும் நான்காகப் பிரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். சாதாரணப் பதிவில் அப்படி இருக்காது. எல்லாக் குரலும் ஒரே டிராக்கில் கலந்துவிடும். ஒருவர் முக்கியமான வாக்கியம் சொல்லும்போது இன்னொருவர் இருமினால், இருமலை வெட்டும்போது வாக்கியமும் போய்விடும். இரைச்சல் நீக்கும் ஃபில்டர் மின்விசிறி போன்ற சீரான சத்தத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். இருமலுக்கோ ஒருவர் மேல் ஒருவர் பேசுவதற்கோ அதை நம்ப முடியாது.

தனித்தனி டிராக் இருந்தால், இருமியவரின் டிராக்கை மட்டும் அந்த இரண்டு நொடிக்கு ஊமையாக்கினால் போதும். ஹெட்போன் போடாதவரின் மைக் வழியாக மற்றவர்கள் குரல் எதிரொலித்தாலும் இதே வைத்தியம்தான்: அவர் பேசாத இடங்களில் அவர் டிராக்கை மூடிவிட வேண்டும். அவர் பேசும்போதே எதிரொலி விழுந்தால் அது அவர் குரலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் தயவுசெய்து ஆளுக்கொரு ஹெட்போன்.

Zoom-இல் கணினியிலேயே பதிவு செய்பவர்கள் Settings-இல் Recording பகுதிக்குப் போய், ஒவ்வொருவர் ஆடியோவையும் தனி ஃபைலாகச் சேமிக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். பதிவு முடிந்த பிறகு செய்து பயனில்லை. இணையம் திக்கும்போது விழுங்கப்பட்ட சொற்கள் தனி ஃபைலிலும் இருக்காது. அதனால் முக்கியமான நிகழ்ச்சியென்றால், பேச்சாளர்கள் ஒவ்வொருவரையும் கைபேசியிலும் தங்கள் குரலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொருவரும் ஒருமுறை கைதட்டட்டும். முதல் தட்டலை வைத்து டிராக்குகளைப் பொருத்துவோம். கடைசித் தட்டல் விலகியிருந்தால், நேரம் போகப் போக அந்த டிராக் நழுவியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் சாப்டர். நிகழ்ச்சியின்போது குறித்த நேரத்தை அப்படியே அனுப்பாதீர்கள். தொடக்கத்தில் ஆட்களுக்காகக் காத்திருந்த 3 நிமிடம் 40 நொடியை வெட்டினால், 41:20-இல் இருந்த கேள்வி 37:40-க்கு வந்துவிடும். நடுவில் வெட்டியவை இன்னும் தள்ளும். எல்லா வெட்டும் முடிந்து, கடைசி வீடியோவைப் பார்த்துத்தான் நேரம் குறிக்க வேண்டும். யூடியூபில் சாப்டர் பட்டியலின் முதல் வரி 00:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று சாப்டர், ஒவ்வொன்றும் 10 நொடியாவது வேண்டும்.

```
00:00 அறிமுகம்
04:10 முதல் பேச்சாளர்
37:40 கேள்வி: செலவை யார் ஏற்பது?
```

"கேள்வி பதில்" என்று மொட்டையாகப் போடாமல் கேள்வியையே எழுதுங்கள். பலர் அந்த ஒரு கேள்விக்காகத்தான் வீடியோவையே திறப்பார்கள்.