புரியவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும்: விமானப் பணி ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

விமானிகளையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்வது என் வேலை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒரு தவறான பயம். ஒலிப்பதிவில் ஏதாவது புரியாவிட்டால் அதை மறைத்துவிட வேண்டும், திருப்பிக் கேட்டால் மதிப்பெண் போய்விடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில், திருப்பிக் கேட்கும் விதமும் அங்கே அளக்கப்படுகிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த அளவுகோலில் ஆறு நிலைகள் இருக்கின்றன. சர்வதேசப் பணிக்கு நான்காம் நிலையாவது வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு கூறுகளைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இவற்றில் எது குறைவோ அதுதான் மொத்த நிலை. ஐந்தில் ஐந்தாம் நிலை எடுத்து உரையாடலில் மூன்று வாங்கினால் கையில் கிடைப்பது மூன்றுதான். அந்த உரையாடல் கூறில் நான்காம் நிலைக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? புரியாதது போலத் தோன்றினால் சரிபார்த்து, உறுதிசெய்து, விளக்கம் கேட்டுச் சமாளிக்க வேண்டும் என்பதுதான். எதிர்பாராத ஒன்று நடக்கும்போது புரிதல் கொஞ்சம் தாமதமாகலாம், விளக்கம் கேட்க வேண்டியிருக்கலாம் என்று புரிதல் கூறிலும் சொல்லியிருக்கிறார்கள்.

சமீபத்தில் ஒரு பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். துணை விமானியாக இருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு கட்டளை கொடுத்தேன்: 'டிசெண்ட் டு ஃப்ளைட் லெவல் ஒன் டூ ஸீரோ, டர்ன் ரைட் ஹெடிங் டூ சிக்ஸ் ஸீரோ, ரெட்யூஸ் ஸ்பீட் டூ டூ ஸீரோ நாட்ஸ்.' உயரமும் வேகமும் அவர் காதில் விழுந்துவிட்டன. ஹெடிங் நழுவிவிட்டது. இரண்டு விநாடி மௌனம், அப்புறம் 'ரோஜர்' என்றார். நான் அங்கேயே நிறுத்தினேன். 'ரோஜர்' என்றால் நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் எனக்குக் கிடைத்தது என்று அர்த்தம். அவருக்கோ முழுவதும் கிடைக்கவில்லை. தவிர, உயரம், ஹெடிங், வேகம் மூன்றையும் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். ரீட்பேக் வேண்டிய இடத்தில் 'ரோஜர்' செல்லாது.

அடுத்த முறை 'ஸே அகெய்ன்' என்று மட்டும் சொன்னார். இது தவறில்லை. ஆனால் நான் மூன்றையும் அதே வேகத்தில் திரும்பச் சொல்வேன், அதே இடத்தில் அவர் மறுபடி தடுமாறலாம். நெரிசலான அலைவரிசையில் அதற்கு நேரமும் இருக்காது. கிடைத்ததைச் சொல்லிவிட்டு, கிடைக்காததை மட்டும் கேட்பதே நல்லது. 'டிசெண்டிங் ஃப்ளைட் லெவல் ஒன் டூ ஸீரோ, ஸ்பீட் டூ டூ ஸீரோ நாட்ஸ், ஸே அகெய்ன் ஹெடிங்', கடைசியில் அழைப்புக்குறி. ஒரே மூச்சில் எது புரிந்தது, எது புரியவில்லை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. செய்தி நடுவில் அறுந்துபோனால் 'ஸே அகெய்ன் ஆல் ஆஃப்டர்' என்று சொல்லி, தெளிவாகக் கேட்ட கடைசிச் சொல்லைச் சேர்த்தால் போதும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அரைகுறையாகக் கேட்ட எண்ணைச் சரிபார்க்க 'கன்ஃபர்ம் ஹெடிங் டூ சிக்ஸ் ஸீரோ?' என்று கேட்கலாம். காதிலேயே விழாத எண்ணுக்கு ஊகமாக ஒன்றை வைத்து 'கன்ஃபர்ம்' கேட்கக் கூடாது. வேலைப் பளுவில் இருக்கும் கட்டுப்பாட்டாளர் தான் சொன்னதுதான் திரும்பி வருகிறது என்று எண்ணி, 'அஃபர்ம்' என்று சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. கேட்கவே இல்லையென்றால் 'ஸே அகெய்ன்', கேட்டது சந்தேகம் என்றால் 'கன்ஃபர்ம்'.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்துக்கு 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று கட்டளை வந்தது. சொல்ல நினைத்தது 2400 அடி. எண்ணாக வந்த 'டூ'வை, 'வரை' என்ற பொருள் தரும் 'டு'வாக எடுத்துக்கொண்ட விமானிகள் 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று பதில் சொன்னார்கள். அதாவது 400 அடி. அந்த ரீட்பேக்கில் இருந்த பிழையை யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். 'டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்று முறைப்படி சொல்லியிருந்தால் குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது. இறங்கும் பாதையில் 400 அடி என்பது விசித்திரமான எண். அந்த இடத்தில் ஒரு 'கன்ஃபர்ம்' வந்திருக்க வேண்டும்.

இனி, 'ஸே அகெய்ன்' உதவாத இடத்துக்கு வருவோம். சொல் தெளிவாகக் கேட்கிறது, அதன் பொருள்தான் தெரியவில்லை. பத்து முறை கேட்டாலும் அது அதே சொல்தான். ஓடுபாதையில் 'டெப்ரி' இருக்கிறது, தாமதமாகும் என்கிறார் கட்டுப்பாட்டாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிதறிக் கிடக்கும் உடைந்த துண்டுகளைத்தான் அப்படிச் சொல்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. இங்கே வானொலிச் சொற்றொடர் கைகொடுக்காது, சாதாரண ஆங்கிலம்தான் வேண்டும். 'வாட் டூ யூ மீன் பை டெப்ரி?' என்று அந்தச் சொல்லைக் குறிப்பிட்டே கேளுங்கள். 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்' என்று மொட்டையாக நிறுத்தினால், எதை விளக்குவது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

நீங்கள் பேசும்போது சொல் வராமல் போனாலும் இதே கதைதான். ஒரு பயணிக்கு வலிப்பு வந்திருக்கிறது, 'சீஷர்' என்ற சொல் நினைவுக்கு வரவில்லை. அங்கே உறைந்துபோகாமல் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: 'ஹிஸ் பாடி இஸ் ஷேக்கிங், ஹி இஸ் நாட் கான்ஷியஸ், வீ நீட் எ டாக்டர் ஆன் அரைவல்.' தெரியாத சொல்லைச் சுற்றிப்போய்ச் சொல்வது நான்காம் நிலையின் சொல்வளத்தில் எதிர்பார்க்கப்படும் திறன்தான். சொற்றொடர் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேட்பதற்கும் அளவு உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் திருப்பிக் கேட்டால் புரிதல் கூறில் நிலை இறங்கிவிடும். தேர்வுக்குத் தேர்வு வடிவம் மாறும் என்பதால், ஒலிப்பதிவை மறுபடி கேட்க அனுமதி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஒரு கூட்டாளி போதும். அவர் ஒரு கட்டளையை வாசிக்க வேண்டும், ஏதாவது ஒரு எண் வரும்போது மேசையைத் தட்டி அதை மறைக்க வேண்டும். எது மறையும் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. கிடைத்ததை ரீட்பேக் செய்து, மறைந்ததை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். நான் சொன்ன துணை விமானி இப்படித் தினமும் 15 நிமிடம் என இரண்டு வாரம் செய்தார். முதல் நாள் பதிவில் ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு ஒரு நீண்ட 'ம்ம்ம்' கேட்கிறது. கடைசி நாள் பதிவில் அந்த இடத்தில் 'ஸே அகெய்ன் ஹெடிங்' இருக்கிறது.