தங்கம் உச்சம் தொட்ட பிறகு என்ன ஆகிறது?

1980 ஜனவரி 21 அன்று லண்டனில் ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் தங்கத்தின் விலை 850 டாலர். அந்த விலையை மீண்டும் பார்க்க 2008 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் அமெரிக்க விலைவாசி சுமார் 2.7 மடங்கானது. எனவே 850 டாலர் திரும்பி வந்தபோதும் அதன் வாங்கும் சக்தியில் 60 விழுக்காட்டுக்கு மேல் கரைந்திருந்தது. உச்சத்தில் வாங்காதே என்பவர்கள் காட்டும் உதாரணம் இதுதான்.

ஆனால் அது கடைசி உச்சம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது, பழைய உச்சத்தை விலை தாண்டும் நாள் மட்டுமே. 1974 இறுதியில் 195 டாலரைத் தொட்ட தங்கம், 1976-இல் 103 வரை இறங்கி, 1978 கோடையில் 200-ஐத் தாண்டியது. அப்போது வாங்கியவரின் பணம் ஒன்றரை ஆண்டில் நான்கு மடங்கு. விற்காமல் 1999 வரை வைத்திருந்தால்? விலை 253 டாலருக்கு வந்துவிட்டது. விலைவாசியோ இரண்டரை மடங்கு. ஒரே கொள்முதல்தான், லாபமா நட்டமா என்பதை விற்ற ஆண்டு தீர்மானித்தது.

2008 ஜனவரியில் 850-ஐத் தாண்டியபோது வாங்கியவர், அந்த இலையுதிர் காலத்திலேயே 712 டாலரைப் பார்த்தார். பொறுத்திருந்தால் 2011 செப்டம்பரில் 1,895. அந்த உச்சத்தில் வாங்கியவருக்கு 2015 டிசம்பரில் மிஞ்சியது 1,049. கிட்டத்தட்ட 45 விழுக்காடு சரிவு. 2020 ஜூலையில் அதே 1,895 தாண்டப்பட்டது. 2022-இல் 1,630 அளவுக்கு இறங்கி, 2025-இல் 4,000-ஐக் கடந்தது.

1980 உச்சத்துக்குப் பின் நடந்ததற்கும் 2008-க்குப் பின் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பெரிய காரணம் வட்டி. தங்கம் வட்டி தராது. 1980-81-இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 20 விழுக்காடு வரை உயர்த்தியதும், தங்கத்தை வைத்திருப்பது விலையுயர்ந்த முடிவானது. 2008-க்குப் பின் வட்டி ஏறக்குறைய பூஜ்யம், ஆகவே அந்தச் சுமை இல்லை. வட்டி மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது: 2022-க்குப் பின் வட்டி உயர்ந்திருந்தபோதே மத்திய வங்கிகள் தங்கத்தை வாங்கிக் குவித்தன, விலையும் ஏறியது.

"உச்சத்துக்குப் பின் சராசரியாக இத்தனை விழுக்காடு லாபம்" என்று சொல்லும் கணக்குகளைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. 2024-இல் மட்டும் 40 முறை புதிய உச்சம் பதிவானது. அவற்றை 40 சான்றுகளாக எண்ணினால் ஒரே ஏற்றத்தை 40 முறை எண்ணியதாகிவிடும். டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த நிலையான விலைப் பிணைப்பை அமெரிக்கா முறித்த 1971-க்குப் பின் நீண்ட இடைவெளி விட்டு உச்சம் தாண்டப்பட்ட தனித்தனிச் சம்பவங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

நாம் ரூபாயில் வாங்குகிறோம் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. 2011 செப்டம்பரில் டாலர் சுமார் 46 ரூபாய், 2015 டிசம்பரில் 66-க்கு மேல். டாலரில் 45 விழுக்காடு விழுந்த தங்கம், ரூபாய்க்கு மாற்றினால் 20 விழுக்காடு அளவே விழுந்தது. 2013-இல் 10 விழுக்காடாக உயர்ந்த இறக்குமதி வரி, உள்நாட்டு விலைச் சரிவை மேலும் குறைத்துக் காட்டியது.