விரல்ல 99, உள்ளே பூஜ்ஜியம்

"சார், ஆக்சிமீட்டர் 99 காட்டுதே, அப்புறம் என்ன பயம்?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய கருவி அது. நல்ல கருவிதான். ஆனால் அது எதை அளக்கிறது என்று வாங்கியவர்களில் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு நகைப் பட்டறையிலிருந்து இருபது வயதுப் பையனைத் தூக்கிவந்தார்கள். மதியம் தாகத்தில், மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்து, கசப்புத் தெரிந்ததும் துப்பியிருக்கிறான். அது முலாம் போட வைத்திருந்த சயனைடு கரைசல். சில நிமிடங்களில் தலைசுற்றல், மூச்சு வாங்கல், மயக்கம். முதலில் போன இடத்தில் விரலில் கிளிப்பை மாட்டி, "ஆக்சிஜன் நல்லா இருக்கு, பயந்திருக்கான்" என்று குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆக்சிமீட்டர் பார்ப்பது, ரத்தத்தின் ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டும்தான். லாரி நிறைய நெல் ஏற்றியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நெல் ஆலைக்குள் போய் அரைபட்டதா என்று அதற்குத் தெரியாது. லாரி நிறைந்திருக்க, ஆலை பூட்டியிருக்கலாம். நுரையீரல் சரியாக இருக்கும், இதயம் சரியாக இருக்கும், ஆனாலும் செல் மூச்சுத் திணறும்.

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் ஒரு வாய்க்கால் போல ஓடிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு மதகு தெரியும், அதனால் எளிது. சயனைடு மூடுவது கடைசி மதகை, அதாவது நான்காம் காம்ப்ளெக்ஸ் என்ற புரதத் தொகுதியை. அங்குள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் போகவிடாது. கடைசியில் மூடினால் மேலே வரை தேங்கத்தானே செய்யும்?

இதே வாய்க்காலை வேறு இடத்தில் கெடுக்கும் விஷங்களும் உண்டு. ரோட்டினோன் என்ற விஷம் மூடுவது முதல் மதகை, முதலாம் காம்ப்ளெக்ஸை. டெரிஸ் என்ற செடியின் வேரிலிருந்து வருவது, மீனைக் கொல்லும். ஆனால் பக்க வாய்க்கால் ஒன்று, அதாவது இரண்டாம் காம்ப்ளெக்ஸ், அப்போதும் திறந்திருக்கும். (நம் குளங்களில் போடும் இலுப்பைப் புண்ணாக்கு வேறு கதை. அது மீனின் சிவப்பணுவை உடைப்பது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு.)

டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனம் எந்த மதகையும் மூடுவதில்லை. எலக்ட்ரான் ஓட்டத்தால் சவ்வுக்கு அப்பால் தேக்கிய புரோட்டான்களை உள்ளே வழியவிடுகிறது. கரை உடைந்த மாதிரி. ஓட்டம் இன்னும் வேகமாகும், ஆனால் செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி உருவாகாது, எல்லாம் சூடாகப் போகும். 1930-களில் அமெரிக்காவில் உடல் இளைக்கும் மருந்தாக விற்று, கண்புரையும் மரணமும் கண்டு 1938-இல் நிறுத்தினார்கள். இப்போது ஆன்லைனில் மஞ்சள் மாத்திரையாக வாங்கும் ஜிம் பையன்களே, இதில் வரும் காய்ச்சல் பாராசிட்டமாலுக்கு இறங்காது, ஐஸ்தான். மாற்று மருந்தும் இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

பையனிடம் திரும்புவோம். கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் கருத்துப் போகாமல் தமனி ரத்தம் மாதிரிச் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு வழி எடுத்த ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு 91. உடம்பு பயன்படுத்தியிருந்தால் 70-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். போன ஆக்சிஜன் தொடப்படாமலே திரும்பி வந்திருக்கிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாத செல்களில் சேரும் லாக்டேட்டும் மிக அதிகம், 14. இந்த இரண்டும் சேர்ந்தால் ஆய்வக சயனைடு அளவு வரும் வரை காத்திருக்கக் கூடாது. நூறு சதவீத ஆக்சிஜன், சோடியம் நைட்ரைட், பிறகு சோடியம் தயோசல்பேட் கொடுத்தோம். நைட்ரைட் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை மாற்றி, சயனைடை அந்த இரும்புக்கு இழுக்கிறது. தயோசல்பேட் அதைச் சிறுநீரில் போகக்கூடிய தயோசயனேட் ஆக்குகிறது. மூன்று மணி நேரத்தில் லாக்டேட் பாதியானது. துப்பியதுதான் அவனைக் காப்பாற்றியது.

பட்டறைக்காரர்களுக்கு: குடிதண்ணீர் பாட்டிலில் ரசாயனம் ஊற்றாதீர்கள். எத்தனை தடவை சொல்வது? சயனைடு பக்கத்தில் அமிலம் வைக்காதீர்கள், கலந்தால் விஷ வாயு வரும். யாராவது விழுந்தால் வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள், நனைந்த சட்டையைக் கையுறையோடு கழற்றிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சயனைடின் பாதாம் வாசனை வரவில்லையே என்று நம்பிவிடாதீர்கள், அதை உணரும் மூக்கு எல்லோருக்கும் கிடையாது. மருத்துவமனையில் முதல் வார்த்தையாகச் "சயனைடு" என்று சொல்லுங்கள். அந்தப் பையனோடு வந்த சித்தப்பா அதைச் சொல்லச் சங்கடப்பட்டார், முதலாளிக்குத் தொந்தரவு வருமாம். பாட்டிலைக் காட்டச் சொன்னேன். மூடி இறுக்கிய, வாங்கியபோது இருந்த தண்ணீர் லேபிள்கூடக் கிழிக்காத பாட்டில்.