ஊசி போடுவது ஆஸ்பத்திரியின் கடமை, அரை நாள் கூலி யார் பொறுப்பு?

எங்கள் தெருவில் ஓர் அக்கா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். வார்டுகளில் மருத்துவக் கழிவு சேரும் மஞ்சள் பையும் சிவப்புப் பையும் கட்டி எடுத்துப் போவது அவர் வேலை. நாள் கூலி 480 ரூபாய். ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், போனார். மாதக் கடைசியில் பார்த்தால் அரை நாள் கூலி பிடித்தம். இரண்டாவது ஊசிக்கும் அதே கதை. மூன்றாவது ஊசிக்கு அவர் போகவே இல்லை. மூன்று தவணையும் ஆண்டுப் பரிசோதனையும் சேர்ந்தால் நாலு அரை நாள், 960 ரூபாய். அந்தக் காசை விட்டுவிட்டு யார் போவார்கள்?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 என்று ஒன்று இருக்கிறது. அதன் 4ஆவது விதிப்படி, மருத்துவப் பணியாளர்களுக்கும் கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போது ஒரு முறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்து பதிவேடு வைக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரி, தனியார், சின்ன கிளினிக் எல்லாவற்றுக்கும் இதுதான்.

முதல் பொறி காண்ட்ராக்ட். ஆஸ்பத்திரியில் கேட்டால் "நீங்க ஏஜென்சி ஆளு, அங்க கேளுங்க" என்பார்கள். ஏஜென்சியில் கேட்டால் "ஆஸ்பத்திரிதான் ஊசி போடணும்" என்பார்கள். விதி இந்தக் கடமையைச் சுமத்துவது நிறுவனத்தையும் அதன் வளாகத்தையும் நிர்வகிப்பவர் மீது. அதாவது ஆஸ்பத்திரி. உங்கள் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருந்தாலும் சரி, பையைத் தூக்குபவர் நீங்கள் என்றால் "கையாளும் மற்றவர்கள்" என்பதில் நீங்களும் வந்துவிடுகிறீர்கள். ஆகவே மனுவை ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். ஏஜென்சிக்கு ஒரு நகல் போதும்.

இரண்டாவது பொறி நேரம். ஊசி போட வேண்டும், பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்கிற விதி, அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் 240 ரூபாய் போகிறது. விதியிலேயே கூலி எழுதியிருக்கிறது என்று வாதாடினால் அதைக் காட்டச் சொல்வார்கள், நீங்கள் முழிப்பீர்கள். வேறு விதமாகக் கேளுங்கள்: இது ஆஸ்பத்திரி செய்தாக வேண்டிய வேலை, அவர்கள் கூப்பிட்டு நான் வருகிறேன், அதனால் இது என் பணி நேரம். இதற்கு அவர்களிடம் நல்ல பதில் இருக்காது.

இதில் ஒரு வார்த்தை முக்கியம். மனுவில் "விடுப்பு", "பெர்மிஷன்" என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் அக்கா சூப்பர்வைசர் சொன்னபடி "ஊசி போட அரை நாள் லீவு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிடித்தத்துக்கு அந்தக் காகிதத்தையே ஆதாரமாகக் காட்டினார்கள். இப்படி எழுதலாம்:

"நான் மருத்துவக் கழிவு கையாளும் பணியில் இருக்கிறேன். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின் 4ஆவது விதிப்படி எனக்குச் செய்ய வேண்டிய ஆண்டு உடல் பரிசோதனைக்கும், ஹெபடைடிஸ் பி மூன்றாம் தவணை ஊசிக்கும் என் ஷிஃப்ட் நேரத்துக்குள் தேதியும் நேரமும் குறித்துத் தரவும். அந்த நேரத்தைப் பணி நேரமாக வருகைப் பதிவேட்டில் குறிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"ஷிஃப்ட் நேரத்துக்குள்" என்பதைச் சும்மா போடவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்தவரை "இருங்க, பத்து மணிக்கு ரத்தம் எடுப்பாங்க" என்று உட்கார வைப்பது சாதாரணமாக நடக்கிறது. கூலியும் இல்லை, தூக்கமும் இல்லை.

"இ.எஸ்.ஐ. இருக்குல்ல, அங்க போங்க" என்று இன்னொரு பதில் வரும். போய் ஏமாறாதீர்கள். இ.எஸ்.ஐ.யின் நோய்க்கால உதவித்தொகை நோயால் வேலைக்குப் போக முடியாதவருக்கு, மருத்துவச் சான்றின் பேரில் தருவது. அதிலும் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. அரை நாள் ஊசிக்கு அங்கே ஒரு ரூபாயும் வராது. அப்புறம், இ.எஸ்.ஐ. அட்டை இருப்பதால் ஆஸ்பத்திரியின் கடமை தீர்ந்தும் போகாது.

மூன்றாவது பொறிதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது: பதிவேடு. எடை பார்த்து, பிரஷர் பார்த்து, "இங்க ஒரு கையெழுத்து" என்பார்கள். சில இடங்களில் எடை கூடப் பார்ப்பதில்லை, கையெழுத்து மட்டும்தான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர் பார்ப்பது அந்தக் கையெழுத்தைத்தான். போடாத ஊசிக்கும் செய்யாத பரிசோதனைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட ஊசிக்கு அட்டை கேளுங்கள். தேதியும் தவணையும் தெரியும்படி ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். ஏஜென்சி மாறும்போது முதலில் காணாமல் போவது இந்தக் காகிதம்தான்.

ஹெபடைடிஸ் பி ஊசியை வழக்கமாக முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று போடுவார்கள். அக்காவைப் போல மூன்றாவதைத் தவறவிட்டவர்களிடம் "இனி முதல்லேருந்து போடணும்" என்று சொல்லித் தட்டிக் கழிப்பது உண்டு. அப்படி இல்லை. இடைவெளி கூடிப்போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; பழைய இரண்டு தவணைக்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே, கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களாகப் போய் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொள்வதற்கு நோய் விடுப்பு எழுதினால் சிக்கல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25ஆவது பிரிவில் சம்பளத்தோடு 12 நாள் நோய் விடுப்பு இருக்கிறது. ஆனால் அது நோய்க்கும் விபத்துக்கும் மட்டும். பரிசோதனை நோய் இல்லை. அதே பிரிவில் நியாயமான எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம் என்று இன்னொரு 12 நாள் இருக்கிறது. அதில் எழுதுங்கள். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, முதலாளி ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை செய்து தர வேண்டும் என்கிறது. எந்த வயதினருக்கு, எந்த நிறுவனத்துக்கு என்பதை விதிகளுக்கு விட்டிருக்கிறது. டிவியில் பார்த்த வயதை மட்டும் நம்பி மேனேஜரிடம் போய் நிற்காதீர்கள்.

மனு கொடுத்தும் நடக்கவில்லை என்றால் அடுத்த அலைச்சல் ஆரம்பம். தொழிலாளர் துறைக்குப் போனால் "இது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்" என்பார்கள். வாரியத்துக்குப் போனால் "கூலி விஷயம் தொழிலாளர் துறை" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி என்பதுதான் கொடுமை. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஊசி போடவில்லை, பரிசோதனை இல்லை, பதிவேடு பொய் என்பவை தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. அரை நாள் கூலி பிடித்தம் தொழிலாளர் துறைக்கு. அதில் சம்பளச் சீட்டின் நகலையும், ஆஸ்பத்திரி கூப்பிட்ட தேதிக்கான ஆதாரத்தையும், வாட்ஸப் செய்தியாக இருந்தாலும், சேர்த்து வையுங்கள். இரண்டையும் நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "மேடம் வந்ததும் போட்டுத் தர்றோம்" என்றால் காத்திருக்காமல் நேராகத் தபால் ஆபீஸுக்குப் போய் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.