"காது கேக்கலையாடா?": இரவு நேர ஹோட்டல் அடுப்படிச் சத்தத்தின் அறிவியல்

காரைக்குடியில் கூட்டம் உள்ள எந்த அசைவ ஹோட்டலிலும் இரவு எட்டரை மணிக்கு அடுப்படியிலிருந்து இப்படி ஒரு குரல் வரும்: "டேய், காது கேக்கலையாடா? கொத்து ரெண்டுன்னு எத்தனை தடவை சொல்றது!" இலை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே சண்டை என்றுதான் தோன்றும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் அப்படித்தான். முதல் வாரத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் குரலில் கோபமாகக் கேட்பதில் பெரும்பகுதி சத்தத்தின் வேலை.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் விசேஷச் சமையல் பின்கட்டில், வானம் தெரியும் இடத்தில் நடந்தது. சத்தம் மேலே போய்விடும். இன்றைய ஹோட்டல் அடுப்படியோ சின்ன அறை. சுவரெல்லாம் டைல்ஸ், மேசையெல்லாம் எவர்சில்வர். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, பெரிய பர்னர்கள் இரைகின்றன, கல்லில் கொத்து புரோட்டா விழுகிறது. எந்தச் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. கூட்ட நேரத்தில் இங்கே 80 டெசிபல் என்பது சாதாரணம்.

நாம் சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். பேச்சு ஓரளவு புரிய வேண்டுமானால் கேட்பவரின் காதில் அது சுற்றுச் சத்தத்துக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். புரோட்டா மாஸ்டர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும், அறைக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. ஆக, சப்ளையர் ஏறக்குறைய 85 டெசிபலில் சொன்னால்தான் ஆர்டர் போய்ச் சேரும். அது பேச்சின் அளவு இல்லை, முழுக் கத்தலின் அளவு. அங்கே பணிவாகச் சொல்ல நினைப்பவரும் கத்தித்தான் ஆக வேண்டும்.

இதில் மனிதருடைய முடிவுகூட அதிகம் இல்லை. 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் ஒன்றைக் கவனித்து எழுதினார்: பேசிக்கொண்டிருப்பவரின் காதில் இரைச்சலைச் செலுத்தினால் அவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறார், இரைச்சலை நிறுத்தினால் குரல் தானாக இறங்குகிறது. இதற்கு லொம்பார் விளைவு என்று பெயர். "குரலை உயர்த்தாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாலும் இதை அடக்குவது கஷ்டம்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். இரைச்சலில் உயரும் குரலில் சத்தம் மட்டும் கூடுவதில்லை. சுருதி ஏறுகிறது, உயிரொலிகள் நீள்கின்றன, குரலின் வலு மேல் அதிர்வெண்களுக்கு நகர்ந்து கூர்மையாகிறது. கோபப்படுகிறவரின் குரலிலும் கிட்டத்தட்ட இதே மாற்றங்கள்தான். இது இரைச்சலுக்காக வந்ததா, என் மேல் உள்ள எரிச்சலில் வந்ததா என்று கேட்பவரின் காதால் சுலபமாகப் பிரிக்க முடிவதில்லை. பழகியவர்கள் கூட்ட நேரமா இல்லையா என்பதை வைத்துக் கணித்துவிடுகிறார்கள். புதிய பையனுக்கு அந்தக் கணக்கு இன்னும் கைவரவில்லை.

கத்துவதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. உயிரொலிகள் பெரிதாகும் அளவுக்கு மெய்யொலிகள் பெரிதாவதில்லை. கொத்து போடும்போது இரும்பில் இரும்பு படும் சத்தமோ, மெய்யொலிகளை நாம் பிரித்தறிய உதவும் அதே மேல் அதிர்வெண்களில்தான் வந்து விழுகிறது. "கொத்து நாலு!" என்று கத்திப் பாருங்கள். 'நாலு', 'ஆறு' இரண்டிலும் உயிரொலிகள் ஒன்றுதான்: ஆ, உ. முதலில் வரும் நகரமும் நடுவில் இருக்கும் லகரமும் றகரமும் கொத்துச் சத்தத்தில் அடிபட்டுப் போனால் எஞ்சுவது "ஆ...உ" மட்டும். மாஸ்டர் ஆறு பிளேட்டுக்குப் புரோட்டாவைக் கல்லில் போட்டுவிட்டால் இரண்டு பிளேட் தேங்கும், பின்னால் வரும் முட்டை தோசைக்குக் கல்லில் இடம் இருக்காது. சப்ளையர் சொல்லும்போதே நாலு விரலைக் காட்டுவது இதனால்தான்.

சரி, சத்தத்துக்குக் காரணம் கிடைத்தது. "டேய்" எதற்கு? "அண்ணே, அந்தச் சால்னா வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறீங்களா?" என்று பகலில் சொல்கிறவர் இரவில் "சால்னா! நகத்து!" என்கிறார். தமிழில் மரியாதை பெரும்பாலும் வினையின் வாலில்தான் இருக்கிறது. மூச்சும் நேரமும் குறையும்போது முதலில் உதிர்வதும் அந்த வால்தான். மரியாதைப் பேச்சை ஆராய்ந்த பெனலோப் பிரௌனும் ஸ்டீபன் லெவின்சனும் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்கள்: அவசரமும், வேலை நடந்தாக வேண்டும் என்ற நிலையும் இருவருக்கும் தெரிந்திருக்கும்போது, வெறும் கட்டளை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. மாஸ்டர் முதலாளியைப் பார்த்தே "தள்ளுங்க, சூடு!" என்று கத்துவதும், முதலாளி சட்டென்று ஒதுங்குவதும் இந்தக் கணக்கில்தான்.

பெயரைச் சொல்லிக் கத்துவதற்கும் காரணம் உண்டு. ஒரு காதில் வரும் பேச்சில் மூழ்கியிருப்பவருக்கு மறு காதில் சொல்வது ஏறக்குறைய எதுவும் பதிவதில்லை. ஆனால் சொந்தப் பெயரைச் சொன்னால் மூன்றில் ஒருவர் கவனித்துவிடுகிறார் என்று நெவில் மோரே 1959-இல் காட்டினார். கொத்தில் மூழ்கியிருக்கும் மாஸ்டரைத் திருப்பக் கிடைக்கும் நல்ல வழி அவர் பெயர்தான். பெயரோடு சேர்ந்து வருவதாலேயே அந்தக் கத்தல் தன்மேல் பாய்வதாகவும் தோன்றிவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு, கடுஞ்சொல் எந்த நொடியில் வருகிறது என்று கவனித்தால் ஒன்று தெரியும். முதல் ஆர்டரில் அது அநேகமாக வருவதில்லை. "ஆறாம் டேபிள், கொத்து ரெண்டு, கலக்கி ஒண்ணு, சுக்கா ஒண்ணு!" என்று சப்ளையர் சொல்கிறார். பதில் இல்லை. கேட்டதா இல்லையா என்று தெரியாமல் அந்த மூன்றையும் மனதில் பிடித்துக்கொண்டே நிற்கிறார். ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களுக்கு மேல் மனம் தாங்காது. இதற்குள் எட்டாம் டேபிளில் கை தட்டுகிறார்கள். இரண்டாம் தடவை சொல்லும்போதுதான் "காது கேக்கலையாடா" சேர்கிறது. அந்தக் கேள்வி கேட்பது பதிலை மட்டுமே. மாஸ்டர் "கொத்து ரெண்டு, கலக்கி ஒண்ணு, சுக்கா ஒண்ணு, சரி!" என்று திருப்பிச் சொன்ன மறுநொடி குரல் நின்றுவிடும். கட்டுப்பாட்டு அறையின் முக்கிய உத்தரவுகளை விமானிகள் திருப்பிச் சொல்வது இதே காரணத்துக்காக. திருப்பிச் சொல்லும் பழக்கம் உள்ள அடுப்படியில் ஏச்சு குறைவாக இருக்கும் என்பது என் கணிப்பு.

எல்லாக் கடுஞ்சொல்லையும் இந்தக் கணக்கில் தள்ளிவிட முடியாது. வேலை முடிந்ததும் நிற்கிற ஏச்சு வேறு, முடிந்த பின்னும் தொடர்வது வேறு. "கல்லு காயுது, மாவு எங்கடா" என்பது மாவைப் பற்றியது. "நீ எதுக்கும் லாயக்கில்ல" என்பதும், சாதியையோ தாயையோ இழுப்பதும் ஆளைப் பற்றியவை. அவற்றுக்கு இரைச்சல் பொறுப்பாகாது. அவை வேலையையும் கெடுக்கும். 2015-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்றில், பச்சிளங்குழந்தைப் பிரிவின் 24 மருத்துவக் குழுக்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் சில குழுக்களை மட்டம் தட்டிப் பேசினார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சைச் செயல்களிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது.

சில ஹோட்டல்களில் இப்போது ஆர்டர் சீட்டாகவே அடுப்படிக்கு வந்துவிடுகிறது. நாலா ஆறா என்ற குழப்பம் அதோடு போகும், இரண்டாம் தடவை கத்தலும் குறையும். கொதிக்கும் சால்னா வாளியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பின்னால் வருவதைச் சீட்டால் சொல்ல முடியாது. அதற்கு இன்னும் "சூடு, சூடு, ஒதுங்கு!" என்ற கத்தல்தான் வேண்டும்.