இரட்டை ஒளிவிலகல்: தகைவு வரையும் வண்ணப் பட்டைகள்

'பைரிஃப்ரிஞ்சன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'இரண்டு' எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டும், 'உடைத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையும் சேர்ந்துள்ளன. ஒரு பொருளுக்குள் புகும் ஒளி இரு கூறுகளாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் செல்வதையே அது குறிக்கிறது. இதற்குத் தமிழில் 'இரட்டை ஒளிவிலகல்' என்பது பொருந்திய சொல். டென்மார்க்கைச் சேர்ந்த பார்த்தோலின் 1669இல் ஐஸ்லாந்துக் கால்சைட் படிகத்தில் கண்டு எழுதிய இப்பண்பு, அப்படிகத்தின் அமைப்பிலேயே இருப்பது. கண்ணாடிக்கும் தெளிந்த பிளாஸ்டிக்குக்கும் இயல்பில் அது இல்லை. அழுத்தினாலோ இழுத்தாலோ அவற்றிலும் அது தோன்றும் என்பதை ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1815ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். இந்த இரண்டாம் வகையைத் 'தகைவுவழி இரட்டை ஒளிவிலகல்' எனலாம்.

பாடநூல்களில் 'தகைவு' என்பது ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசையையும், 'திரிபு' என்பது அதனால் நேரும் உருமாற்றத்தின் விகிதத்தையும் குறிக்கும். தகைதல் என்றால் தடுத்தல். உருமாற்றத்தை எதிர்த்து நிற்கும் விசைக்கு அது நன்கு பொருந்துகிறது. மீட்சி எல்லைக்குள் இரண்டும் நேர்விகிதத்தில் இருப்பதால், ஒன்றை அளந்தால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம்.

தகைவை ஒளியால் அளப்பதற்கு, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் தளவிளைவாக்கிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தவை, வேண்டும். நடுவில் ஒன்றும் இல்லாதபோது, முதலாவதைக் கடந்த ஒளியை இரண்டாவது முழுவதுமாகத் தடுத்துவிடும். இடையில் தகைவுற்ற பிளாஸ்டிக்கை வைத்தால், ஒளி, அவ்விடத்தின் மிகப் பெரிய, மிகச் சிறிய தகைவுகளான முதன்மைத் தகைவுகளின் திசைகளில் இரு கூறுகளாகப் பிரிந்து, ஒன்று மற்றொன்றைவிடப் பின்தங்கி வெளிவருகிறது. பின்தங்கிய தொலைவு ஓர் அலைநீளமாகவோ அதன் முழு மடங்காகவோ இருக்கும் இடத்தில் அந்த நிறம் மறைந்துவிடும். வெள்ளொளியில் ஒரு நிறம் மறைய எஞ்சியவை கலந்து தெரிவதால்தான் பட்டைகள் வண்ணமாகின்றன. சுமை ஏற ஏற, கருமையிலிருந்து சாம்பல், வெண்மை, மஞ்சள், சிவப்பு எனச் சென்று, ஊதாவைக் கடந்து நீலமும் பச்சையும் வரும். சில சுற்றுகளுக்குப் பின் வெளிறிய இளஞ்சிவப்பும் பச்சையும் மட்டுமே மாறிமாறித் தெரியும்.

பாலிகார்பனேட்டில் வெட்டிய, உத்தரம் போன்ற ஒரு சிறு விட்டத்தை எடுத்துக்கொள்வோம். தடிமன் 6 மி.மீ., உயரம் 20 மி.மீ. இரு தாங்கிகளின் மேல் வைத்து, ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் 40 மி.மீ. உள்ளே 35 நியூட்டன் வீதம் இரண்டு சுமைகளை ஏற்றுகிறோம். சுமைகளுக்கு இடையிலுள்ள பகுதியில் வளைவுத் திருப்புத்திறன் எங்கும் 1400 நியூட்டன் மி.மீ.; அங்கே மேல், கீழ் விளிம்புகளில் தகைவு சதுர மி.மீ.க்கு 3.5 நியூட்டன். சோடியம் ஒளியில் இப்பிளாஸ்டிக்கின் பட்டை மாறிலி மி.மீ.க்குச் சுமார் 7 நியூட்டன். முதன்மைத் தகைவுகளின் வேறுபாட்டைத் தடிமனால் பெருக்கி இம்மாறிலியால் வகுத்தால் பட்டை எண் கிடைக்கும்: 3.5 × 6 ÷ 7 = 3. ஆகவே நடு அச்சில் சுழி எண்ணுள்ள கரும்பட்டையும், அதிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 3.3 மி.மீ. இடைவெளியில் ஒன்று, இரண்டு என்று பட்டைகளும், விளிம்பில் மூன்றாவதும் அமையும். இடைவெளி சமமாக இருப்பது, தகைவு நடுவிலிருந்து விளிம்பு வரை நேர்கோட்டில் கூடுவதன் நேரடிச் சான்று. விட்டத்தின் விளிம்பில் ஒரு வெட்டைச் செதுக்கினால் அதன் முனையில் பட்டைகள் நெருங்கிக் குவியும். விரிசல் பிறக்கக்கூடிய இடம் அதுவே.

இதே களத்தில் வேறொரு வகைக் கரும்பட்டையும் உண்டு. முதன்மைத் தகைவின் திசை தளவிளைவாக்கியின் அச்சோடு ஒன்றும் இடங்களில், தகைவு எவ்வளவாயினும், ஒளி பிரியாமல் தடுக்கப்படும். இவை 'சமச்சாய்வுக் கோடுகள்'. வண்ணப் பட்டைகளோ 'ஒருநிறக் கோடுகள்'. இரண்டு தளவிளைவாக்கிகளையும் குறுக்கு நிலை மாறாமல் சேர்த்துச் சுழற்றினால் சமச்சாய்வுக் கோடுகள் நகரும், ஒருநிறக் கோடுகள் அசையா. சமச்சாய்வுக் கோடுகளை நீக்க வேண்டுமானால், ஒளியின் ஒரு கூறைக் கால் அலைநீளம் பின்தங்கச் செய்யும் கால் அலைத் தகடுகளை மாதிரியின் இருபுறமும் வைக்கலாம்.

பட்டைகள் தருவது இரு முதன்மைத் தகைவுகளின் வேறுபாட்டை மட்டுமே. இழுப்பையும் அமுக்கத்தையும் நிறம் பிரித்துக் காட்டாது. எல்லாத் திசையிலும் சமமாக அழுந்திய இடம் கருமையாகவே இருக்கும். சுமையற்ற விளிம்பில் ஒரு முதன்மைத் தகைவு சுழியாவதால் அங்கு மட்டும் அளவு நேரடியாகக் கிடைக்கிறது. சுமை ஏற்றும் முன்பே மாதிரியில் வண்ணம் தெரிந்தால், அது வார்ப்பின்போது உறைந்த எச்சத் தகைவு. பிளாஸ்டிக் அளவுகோல் பலவற்றில் இதைக் காணலாம். அத்தகைய துண்டைச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு அவ்வண்ணத்தைப் போக்காமல் அளந்தால், ஏற்றிய சுமையின் பட்டைகளோடு பழைய தகைவின் பட்டைகளும் கலந்துவிடும்.